நிதி அறிக்கைப் படத்தில் எண்ணைத் தொடும் முன்: ஆயிரமா, மில்லியனா?

நிதி அறிக்கையின் படம் ஒன்று கையில் இருக்கிறது. அதிலுள்ள எண்களை விரிதாளில் ஏற்ற வேண்டும், அல்லது கட்டுரையில் பயன்படுத்த வேண்டும். விற்பனை என்ற வரிசையில் 383,285 என்று இருக்கிறது. அதை அப்படியே எடுத்துக்கொண்டால், உலகின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்று ஒரு சிறு கடையளவு வியாபாரம் செய்ததாக ஆகிவிடும். இது ஆப்பிள் நிறுவனத்தின் 2023 நிதியாண்டு விற்பனை. அந்த எண்ணுக்குப் பின்னால் ஆறு பூஜ்யங்கள் விடுபட்டிருக்கின்றன. அதைச் சொல்வது தலைப்பின் கீழே உள்ள ஒரு சின்ன வரிதான்.

இந்த அறிக்கையையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ஒரே வரியில் மூன்று அளவுகள் கலந்திருப்பதால் பழகுவதற்கு இது நல்ல பாடம்.

படி 1: குறிப்பைத் தேடுங்கள்

பெரும்பாலும் அறிக்கையின் தலைப்புக்குக் கீழே, அடைப்புக்குறிக்குள், சிறிய எழுத்தில் இருக்கும். அங்கே இல்லையென்றால் அட்டவணையில் எண்கள் மேலிருந்து கீழாக நிற்கும் பத்தியின் தலைப்பைப் பாருங்கள். ஆண்டுக்குக் கீழே `$'000` என்றோ `€m` என்றோ இருந்தால் அதுவும் அளவுக் குறிப்புதான். முதலாவது ஆயிரம், இரண்டாவது மில்லியன். `MM` என்று வந்தாலும் மில்லியன்தான். ஆனால் தனியாக ஒரு `M` மட்டும் வந்தால் அவசரப்படாதீர்கள். பலர் அதை மில்லியனுக்கு எழுதுகிறார்கள், பழைய வழக்கத்தில் ஆயிரத்துக்கும் எழுதுவது உண்டு.

படம் என்பதால் இன்னொரு சிக்கல்: அட்டவணையை மட்டும் வெட்டி எடுக்கும்போது தலைப்பும் குறிப்பும் வெளியே போய்விடும். முடிந்தால் முழுப் பக்கத்தின் படத்தையே வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 2: "தவிர" என்ற பகுதியை முழுவதும் படியுங்கள்

பலர் சறுக்குவது இங்கேதான். ஆப்பிளின் வருமான அறிக்கையில் உள்ள குறிப்பு இது:

```
In millions, except number of shares, which are reflected
in thousands, and per-share amounts
```

முதல் இரண்டு சொற்களைப் படித்ததும் "மில்லியன், சரி" என்று கண் கீழே இறங்கிவிடும். மீதியையும் சேர்த்துப் படித்தால்தான் விஷயம் புரியும். தொகைகள் மில்லியனில் இருக்கின்றன. பங்குகளின் எண்ணிக்கை ஆயிரத்தில் இருக்கிறது. பங்கு ஒன்றுக்கான லாபத்துக்கு, அதாவது EPS என்ற வரிசைக்கு, அளவே கிடையாது, அது அச்சிட்டபடியே டாலர்.

படி 3: ஒவ்வொரு வரிசைக்கும் அளவை எழுதுங்கள்

விரிதாளில் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பத்தி விட்டு, அந்த வரிசையைப் பெருக்க வேண்டிய எண்ணைக் குறியுங்கள். பார்க்கச் சலிப்பான வேலைதான், ஆனாலும் அறிக்கை முழுவதற்கும் ஒரே பெருக்கெண்ணைப் போடுவதை இது தடுத்துவிடும்.

```
Net sales              383,285     x 1,000,000
Net income              96,995     x 1,000,000
EPS, basic                6.16     x 1
Shares, basic       15,744,231     x 1,000
```

விழுக்காடுகள் இருந்தால் அவற்றுக்கும் 1 தான். அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண் கழித்தல் எண். அதையும் அளவால் பெருக்க வேண்டும், குறி மட்டும் மாறக்கூடாது.

படி 4: கோடிக்கு மாற்றுங்கள்

ஆறு பூஜ்யங்களைச் சேர்த்து எழுதுவதைவிட நேராகக் கோடிக்குப் போவது எளிது. 10 மில்லியன் ஒரு கோடி. அதனால் மில்லியனில் உள்ள எண்ணை 10-ஆல் வகுத்தால் கோடி வந்துவிடும். விற்பனை 38,328.5 கோடி டாலர், நிகர லாபம் 9,699.5 கோடி டாலர். ஆயிரத்தில் உள்ள எண் என்றால் 10,000-ஆல் வகுக்க வேண்டும். பங்குகள் ஏறக்குறைய 1,574.4 கோடி.

383,285 மில்லியன் என்பதை 383,285,000,000 டாலர் என்று விரித்து எழுதினால், கடைசி டாலர் வரை துல்லியமாகத் தெரிந்ததுபோல் ஒரு தோற்றம் வரும். அது உண்மையல்ல. அருகிலுள்ள மில்லியனுக்கு முழுமையாக்கிய எண் அது, அசல் தொகை இரு பக்கமும் 5 லட்சம் டாலர் வரை விலகியிருக்கலாம். பல அறிக்கைகளில் வரிசைகளைக் கூட்டும்போது மொத்தத்தில் 1 கூடவோ குறையவோ செய்வதும் இந்த முழுமையாக்கலால்தான். அந்த ஒன்றுக்காக எண்களைத் திருத்தப் போகாதீர்கள்.

படி 5: வகுத்துச் சரிபாருங்கள்

அறிக்கைக்குள்ளேயே ஒரு சோதனை இருக்கிறது. நிகர லாபத்தைப் பங்கு எண்ணிக்கையால் வகுத்தால் பங்கு ஒன்றுக்கான லாபம் வர வேண்டும். 9,699.5 கோடியை 1,574.4 கோடியால் வகுத்தால் 6.16. அச்சிட்டதும் 6.16 தான், பொருந்திவிட்டது.

"தவிர" பகுதியைக் கவனிக்காமல் பங்குகளையும் மில்லியன் என்று எடுத்திருந்தால்? 96,995-ஐ 15,744,231-ஆல் வகுப்பதற்குச் சமம், விடை 0.00616. இலக்கங்களைப் பாருங்கள்: அதே 616, புள்ளி மட்டும் மூன்று இடம் நகர்ந்திருக்கிறது. இலக்கங்கள் ஒத்துப்போய், புள்ளி மட்டும் மூன்று இடமோ ஆறு இடமோ தள்ளி நின்றால், தவறு அளவில்தான். இலக்கங்களே வேறாக வந்தால் எண்ணைப் படித்ததில் பிழை. மங்கலான படத்தில் 3-ஐ 8 என்று எடுத்திருக்கலாம், அல்லது பக்கத்து ஆண்டின் பத்திக்குக் கண் தாவியிருக்கலாம்.

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. லாபம், பங்குகள் இரண்டின் அளவையும் ஒரே மடங்கு தவறாக எடுத்தால், வகுக்கும்போது பிழை அடிபட்டுப் போய் விடை சரியாகவே வரும். லாபம் ஆயிரத்தில், பங்குகள் ஒற்றை எண்ணிக்கையில் என்று வைத்தாலும் 6.16 தான். ஆக, இரண்டு அளவுகளுக்கும் இடையே ஆயிரம் மடங்கு வித்தியாசம் என்பதை மட்டுமே இது நிரூபிக்கிறது.

அதனால் வெளியிலிருந்து ஒரு பிடிமானம் வேண்டும். அமெரிக்க நிறுவனங்களின் 10-K ஆண்டறிக்கையில் முதல் பக்கத்திலேயே பங்குதாரர்களின் கையில் உள்ள பங்குகளின் எண்ணிக்கை இருக்கும், பெரும்பாலும் சுருக்காமல். ஆப்பிளுக்கு அந்த ஆண்டில் அது சுமார் 1,555 கோடி. நம்முடைய 1,574 கோடியோடு அச்சாகப் பொருந்தாது. ஏனென்றால் அறிக்கையில் இருப்பது ஆண்டு முழுவதுக்குமான சராசரி, முதல் பக்கத்தில் இருப்பது ஒரு குறிப்பிட்ட நாளின் நிலை. நமக்குத் தேவை பூஜ்யங்களின் எண்ணிக்கைதான், அது பொருந்துகிறதா என்று பார்த்தால் போதும்.

குறிப்பே இல்லாத படம்

வெட்டிய படம் மட்டுமே கிடைத்தாலும் இதே வழியில் கண்டுபிடிக்கலாம். பங்கு எண்ணிக்கை வேறிடத்தில் முழுதாகத் தெரிந்தால், அதைப் பங்கு ஒன்றுக்கான லாபத்தால் பெருக்குங்கள். 1,555 கோடியை 6.16-ஆல் பெருக்கினால் சுமார் 9,579 கோடி. படத்தில் இருப்பது 96,995. அது மில்லியனாக இருந்தால் 9,699.5 கோடி, ஆயிரமாக இருந்தால் 9.7 கோடிக்குள் முடிந்துவிடும். எது என்று சொல்லவே வேண்டாம்.

அடுத்த பக்கத்துக்குப் போகும்போது மறுபடி படி 1-லிருந்து தொடங்குங்கள். இதே ஆப்பிளின் இருப்புநிலைக் குறிப்பில் பங்கின் முகமதிப்பு $0.00001 என்று ஒரு வரிசையின் பெயருக்குள்ளேயே எழுதியிருக்கும். அதற்குப் பக்கத்திலேயே பங்கு எண்ணிக்கை ஆயிரத்தில், வலப்பக்கம் தொகை மில்லியனில். பின்னிணைப்பு அட்டவணைகளிலும் அளவு மாறலாம். பங்கு எண்ணிக்கை எங்கும் கிடைக்காமல், குறிப்பும் இல்லாமல் போனால் எண்ணை அச்சிட்டபடியே பதிந்து, பக்கத்தில் "அளவு தெரியவில்லை" என்று எழுதி வையுங்கள்.