"இங்கே அழுத்தவும்" என்பதை எடுத்துவிட்டு இணைப்புக்குப் பெயர் வைப்பது எப்படி?

நிலாவெளியில் சித்தி நடத்தும் விடுதிக்கு நான்தான் இணையப் பக்கம் செய்து கொடுத்தேன். ஒரே பக்கம், ஆறு இணைப்புகள். உப்புவெளியில் இருக்கும் எங்கள் பழைய ஆசிரியர் ஒருவர் குடும்பத்தோடு அங்கே தங்க விரும்பினார். சேர் என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். அவருக்குப் பார்வை இல்லை. மடிக்கணினியில் NVDA என்ற இலவசத் திரைவாசிப்பான் மூலம் எல்லாவற்றையும் கேட்டுத்தான் பயன்படுத்துவார். என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பக்கத்தைத் திறந்தார். இரண்டு விசைகளை அழுத்தினார். ஒரு பட்டியல் வந்தது. கீழ் அம்புக்குறியைத் தட்டத் தட்ட அது வாசித்தது: "இங்கே அழுத்தவும். இங்கே அழுத்தவும். மேலும் படிக்க. மேலும் படிக்க. இங்கே அழுத்தவும். பதிவிறக்க."

"தம்பி, இதுல அறை வாடகை எது?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கே திரையைப் பார்க்க வேண்டியிருந்தது.

அன்று சேரோடு உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத் திருத்திய வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், உங்கள் பக்கத்தைக் காதால் கேளுங்கள்

விண்டோஸ் கணினியில் NVDA-வை நிறுவுங்கள். பக்கத்தை ஃபயர்பாக்ஸிலோ குரோமிலோ திறந்து `Insert + F7` அழுத்துங்கள். `Insert` விசை இல்லாத மடிக்கணினி என்றால், NVDA தொடங்கும்போது வரும் வரவேற்புப் பெட்டியிலேயே `Caps Lock` விசையை அதற்குப் பதிலாகத் தேர்ந்துகொள்ளலாம். இப்போது வரும் பெட்டியில் இணைப்புகளைத் தேர்ந்தால், பக்கத்தில் உள்ள எல்லா இணைப்புகளும் வரிசையாக நிற்கும். சேர் திறந்தது இந்தப் பட்டியலைத்தான்.

தமிழ் எழுத்துகள் வரும் இடத்தில் சத்தமே வரவில்லையா? குரல் ஆங்கிலத்தில் இருக்கக்கூடும். `Insert + Ctrl + V` அழுத்தினால் பேச்சு அமைப்புகள் திறக்கும். NVDA-வோடு சேர்ந்தே வரும் eSpeak NG-இல் தமிழ்க் குரல் இருக்கிறது, அதைத் தேர்ந்துகொள்ளுங்கள். உங்கள் பக்கத்தின் HTML தொடக்கத்தில் `<html lang="ta">` இருக்கிறதா என்றும் பாருங்கள். எந்த மொழிக் குரலில் வாசிப்பது என்று திரைவாசிப்பானுக்குச் சொல்வது அதுதான்.

இந்தப் பட்டியலில் இணைப்பின் சொற்கள் மட்டும்தான் வரும். அதற்கு முன்னால் நீங்கள் எழுதிய வாக்கியம் வராது. பார்வையுள்ளவர் நீல நிறச் சொற்களை மட்டும் கண்ணால் மேய்ந்து, சந்தேகம் வந்தால் பக்கத்துச் சொற்களையும் ஒரே பார்வையில் எடுத்துக்கொள்வார். காதால் கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. பட்டியலை மூடி, பக்கத்துக்குத் திரும்பி, வாக்கியத்தை முதலிலிருந்து கேட்க வேண்டும். `Tab` விசையாலோ `K` விசையாலோ இணைப்புக்கு இணைப்பு தாவிப் போகிறவருக்கும் இதே நிலைதான்.

அடுத்து, பெயர்ச்சொல்லைத் தேடுங்கள்

நான் முதலில் எழுதியிருந்தது இது:

```html
<p>புறாத்தீவுப் படகு நேரங்களைப் பார்க்க
<a href="padagu.html">இங்கே அழுத்தவும்</a>.</p>
```

தமிழில் வினை கடைசியில் வருவதால், போகும் இடத்தின் பெயர் பெரும்பாலும் "இங்கே"க்குச் சற்று முன்னாலேயே இருக்கும். புதிதாக ஒன்றும் யோசிக்க வேண்டாம். அந்தப் பெயரை எடுத்து இணைப்புக்குள் வையுங்கள், "பார்க்க இங்கே அழுத்தவும்" என்ற வாலை வெட்டுங்கள்:

```html
<p><a href="padagu.html">புறாத்தீவுப் படகு நேரங்கள்</a>
வாரத்துக்கு வாரம் மாறும்.</p>
```

"இணைப்பு" என்ற சொல்லை நீங்கள் சேர்க்கத் தேவையில்லை. திரைவாசிப்பானே அதைச் சொல்லிவிடும்.

தமிழில் எழுதுகிறவர்கள் எளிதில் விழும் ஒரு குழி இருக்கிறது. நானும் விழுந்தேன். வேற்றுமை உருபை இணைப்புக்கு வெளியே விட்டுவிடுவோம்:

```html
<a href="vaadakai.html">அறை வாடகை</a>யைப் பாருங்கள்
```

கண்ணுக்கு இது ஒரே சொல்லாகத் தெரியும். ஆனால் NVDA இணைப்பைத் தனித் துண்டாக வாசிக்கும். "இணைப்பு, அறை வாடகை" என்று முடித்துவிட்டு, "யைப் பாருங்கள்" என்று பொருளில்லாமல் தொடங்கும். சேர் இரண்டு தடவை திருப்பிக் கேட்டார். சொல் முழுதாக முடியும் இடத்தில்தான் `</a>` வர வேண்டும். "அறை வாடகையைப் பாருங்கள்" முழுவதையும் உள்ளே வைக்கலாம். எனக்குப் பிடித்தது உருபே வராதபடி வாக்கியத்தை மாற்றுவது: "அறை வாடகை பருவத்துக்குப் பருவம் மாறும்" என்று எழுதி, முதல் இரண்டு சொற்களை இணைப்பாக்கினேன்.

வேறுபடுத்தும் சொல் முன்னால் வரட்டும்

முதல் திருத்தத்தில் உற்சாகத்தில் "எங்கள் விடுதியின் அறை வாடகை", "எங்கள் விடுதியின் பதிவுப் படிவம்" என்று எழுதிவிட்டேன். திரைவாசிப்பானில் பழகியவர்கள் மிக வேகமாகக் கேட்பார்கள். வேண்டியது இதுவல்ல என்று தெரிந்த நொடியே அடுத்ததற்குப் போய்விடுவார்கள். எல்லாம் "எங்கள் விடுதியின்" என்று தொடங்கினால் ஒவ்வொன்றையும் பாதி வரை கேட்டுத்தான் ஒதுக்க முடியும். அந்த இரண்டு சொற்களையும் எடுத்துவிட்டேன்.

கோணேசர் கோவிலைப் பற்றிய பத்தியின் கீழே இருந்த "மேலும் படிக்க" என்பது "கோணேசர் கோவிலுக்குப் போகும் வழி" ஆனது. "பதிவிறக்க" என்பது "உணவு விலைப்பட்டியல், PDF, 2 MB" ஆனது. கோப்பு இறங்கப்போகிறது என்று முன்பே தெரிந்தால், டேட்டா குறைவாக இருப்பவர் அதைத் தவிர்த்துக்கொள்ளலாம்.

வடிவமைப்பை மாற்ற முடியாவிட்டால்

சில வார்ப்புருக்களில் "மேலும் படிக்க" பொத்தானை மாற்றவே விடமாட்டார்கள். அப்போது `aria-label` உதவும்:

```html
<a href="kanniya.html"
aria-label="மேலும் படிக்க: கன்னியா வெந்நீர்க் கிணறுகள்">மேலும் படிக்க</a>
```

திரைவாசிப்பான் உள்ளே இருக்கும் சொற்களை விட்டுவிட்டு இந்த லேபலை வாசிக்கும். திரையில் தெரியும் சொற்கள் லேபலிலும் அப்படியே இருக்க வேண்டும், அதுவும் தொடக்கத்திலேயே இருப்பது நல்லது. குரலால் கட்டளையிட்டுக் கணினியை இயக்குகிறவர்கள் கண்ணில் தெரிவதைத்தான் சொல்வார்கள். லேபலில் அது இல்லையென்றால் இணைப்பு திறக்காமல் போகலாம். `title` பண்பை மட்டும் நம்ப வேண்டாம், பல அமைப்புகளில் அது வாசிக்கப்படுவதே இல்லை.

முடிந்தவரை திரையில் தெரியும் சொல்லையே மாற்றுங்கள் என்பேன். லேபல் கண்ணில் படாது. பக்கத்தைப் பிறகு திருத்துகிறவர் அதை மறந்துவிட்டால் பழைய பெயரே உள்ளே நிற்கும்.

இணையப் பக்கங்களை எல்லோரும் பயன்படுத்தும்படி செய்வதற்கான WCAG வழிகாட்டியின் 2.4.4 விதி, இணைப்பின் பொருள் அது இருக்கும் வாக்கியத்திலிருந்து புரிந்தாலும் போதும் என்கிறது. அது A என்ற அடிப்படை நிலை. இணைப்பின் சொற்கள் தனியாக நின்றே புரிய வேண்டும் என்பது 2.4.9, அது AAA என்ற மிக உயர்ந்த நிலை. அதாவது என் பழைய பக்கத்தின் முதல் வாக்கியம் 2.4.4-இல் தேறிவிடும். ஆனாலும் சேரின் பட்டியலில் அது பயன்படவில்லை. அதனால் ஆறு இணைப்புள்ள சின்னப் பக்கத்துக்கு நான் 2.4.9-ஐத்தான் அளவாக வைத்துக்கொண்டேன்.

திரும்பவும் பட்டியலைத் திறந்து பாருங்கள்

எல்லாம் முடிந்ததும் மறுபடி `Insert + F7` அழுத்தினோம். இப்போது வந்தது:

புறாத்தீவுப் படகு நேரங்கள்
அறை வாடகை
மேலும் படிக்க: கன்னியா வெந்நீர்க் கிணறுகள்
கோணேசர் கோவிலுக்குப் போகும் வழி
பதிவுப் படிவம்
உணவு விலைப்பட்டியல், PDF, 2 MB

அந்தப் பெட்டியில் வடிகட்டும் இடம் ஒன்று உண்டு. சேர் அதில் "வாடகை" என்று தட்டினார். ஒரே ஒரு வரி மிஞ்சியது. `Enter` அழுத்தினார், வாடகைப் பக்கம் திறந்தது. அப்புறம் அவரே இன்னொன்றையும் கண்டுபிடித்தார்: அந்தப் பக்கத்தில் அறையின் படம் ஓர் இணைப்பு, கீழே அறையின் பெயர் இன்னோர் இணைப்பு, இரண்டும் ஒரே இடத்துக்குப் போகின்றன, ஒவ்வொரு அறையையும் இரண்டு தடவை கேட்க வேண்டியிருக்கிறது. படத்தையும் பெயரையும் ஒரே `<a>` குறிக்குள் போட்டு, படத்தைத் திரைவாசிப்பான் தாண்டிப்போகும்படி அதற்கு `alt=""` கொடுத்தேன். எட்டு வரிகள் நான்காகின.