டிஆர், அதாவது பேரிடர் மீட்புத் திட்டத்தில் பலர் கணக்கைக் கோட்டைவிடும் இடங்கள்

ஒரு ஆர்டர் தளம் AWS மும்பை ரீஜனில் 8 ஆப் சர்வரும் ஒரு டேட்டாபேஸுமாக ஓடுகிறது, மும்பை விழுந்தால் மாற்று இடம் ஹைதராபாத் என்று வைத்துக்கொள்வோம். இதை அமைக்க மூன்று வழிகளைப் பார்ப்போம். பைலட் லைட்டில் ஹைதராபாத்தில் டேட்டாபேஸ் ரெப்ளிக்கா மட்டும் ஓடும், ஆப் சர்வர்களைத் தேவைப்படும்போதுதான் எழுப்புவோம். வார்ம் ஸ்டாண்ட்பையில் 2 சர்வராவது எப்போதும் ஓடும். ஆக்டிவ்-ஆக்டிவில் இரண்டு இடமும் ஒரே நேரத்தில் ஆர்டர் வாங்கும். செலவு இதே வரிசையில் ஏற, மீளும் நேரம் பத்து இருபது நிமிடத்திலிருந்து கிட்டத்தட்ட உடனே என்ற அளவுக்கு இறங்கும்.

பைலட் லைட்டில் பெரிய தவறு, சர்வர் எழும்ப 4 நிமிடம் ஆகிறது என்பதால் மீளவும் 4 நிமிடம்தான் என்று எழுதிவைப்பது. AWS-இன் டிஎன்எஸ் சேவையான Route 53-இன் ஹெல்த் செக் 30 வினாடிக்கு ஒருமுறை பார்த்து, 3 முறை தோற்றால்தான் மும்பை விழுந்தது என்று சொல்லும், அதற்கே ஒன்றரை நிமிடம். அப்புறம் மாறலாமா வேண்டாமா என்று ஒருவர் முடிவெடுக்க வேண்டும், ரெப்ளிக்காவை பிரைமரி ஆக்க வேண்டும், டிஎன்எஸ் டிடிஎல் தீர வேண்டும். எங்கள் முதல் ஒத்திகையில் சர்வரை எழுப்பியதும் வந்தது இதுதான்:

```
InvalidAMIID.NotFound
```

சர்வரை உருவாக்கும் இமேஜை மும்பையில் மட்டும் வைத்திருந்தோம். அதை காப்பி செய்து முடித்தால், நான்காவது சர்வரில் `VcpuLimitExceeded` வந்தது. எத்தனை vCPU வரை ஓட்டலாம் என்ற கோட்டா ரீஜனுக்கு ரீஜன் தனி, ஹைதராபாத்தில் நாங்கள் அதைக் கூட்டிக் கேட்கவே இல்லை. அன்று மீள ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

வார்ம் ஸ்டாண்ட்பைக்கும் இதே கோட்டா வேண்டும், ஏனென்றால் 2 சர்வர் 8 ஆக வளர்ந்தால்தான் முழு கூட்டத்தையும் தாங்கும். ஆனால் தினமும் ஓடுவதால் இமேஜ் இல்லை, பாஸ்வேர்ட் மாறிவிட்டது போன்ற கோளாறுகள் முன்பே தெரிந்துவிடும், எனக்கு அந்தக் கூடுதல் செலவு நியாயமாகவே படுகிறது.

ஆக்டிவ்-ஆக்டிவில் இரண்டு பக்கமும் 4, 4 ஆகப் பிரித்தால் செலவு கூடாதே என்பார்கள். ஒவ்வொரு பக்கமும் 60 சதவீதம் ஓடும்போது ஒன்று விழுந்தால் மற்றதன் தலையில் 120 சதவீதம் ஏறி அதுவும் படுத்துவிடும், ஆகவே இரண்டிலும் 8 வேண்டும். கடைசியாக மிஞ்சிய ஒரே பொருளை இரண்டு ரீஜனிலும் ஒரே நொடியில் விற்றுவிடும் சிக்கல் வேறு: DynamoDB குளோபல் டேபிள், வழக்கமான அமைப்பில், கடைசியாக எழுதியதை மட்டும் வைத்துக்கொள்ளும், முந்தைய எழுத்து சத்தமில்லாமல் போய்விடும்.

இந்த மூன்றில் எதை வைத்திருந்தாலும், யாராவது `WHERE` போடாமல் `DELETE` அடித்தால் அது சில நொடிகளில் ஹைதராபாத்துக்கும் போய்ச் சேரும். அதற்கு முந்தைய நிமிடத்துக்குத் திரும்ப பாயிண்ட்-இன்-டைம் பேக்கப் தனியாக வேண்டும், அதிலிருந்து மீள எடுக்கும் நேரத்தையும் தனியாக அளந்து வையுங்கள்.