வேலையை ஏற்கும் மெயிலில் மூன்று வரிகள்

ஆஃபர் வந்த மெயிலுக்கே ‘ரிப்ளை ஆல்’ கொடுங்கள்; புது மெயில் வேண்டாம். ‘ஏற்கிறேன்’ என்று மட்டும் எழுதினால் போனில் பேசிய சம்பளத்துக்கு எழுத்தில் சாட்சி இருக்காது. இப்படி எழுதலாம்: “ஆண்டுக்கு ரூ.6,00,000 சி.டி.சி., இதில் நிலையான சம்பளம் ரூ.5,40,000, வேரியபிள் ரூ.60,000 எனப் புரிந்துகொண்டு ஏற்கிறேன். ஜூலை 1 அன்று சேர்கிறேன்.” சி.டி.சி. என்பது நிறுவனம் உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவு; வேரியபிள் மாறக்கூடிய பகுதி. அதனால் மாதக் கணக்கை 6 லட்சத்தை வைத்துப் போடாதீர்கள். நிலையான 5.40 லட்சத்துக்கே மாதம் 45,000தான், பி.எஃப். பிடித்தம் போக இன்னும் குறையும்.

நோட்டீஸ் காலம் முடியும் தேதி தெரியாமல் சேரும் தேதியை உறுதி சொல்வதுதான் பலர் மாட்டிக்கொள்ளும் இடம். ரிலீவிங் லெட்டர் கைக்கு வரத் தாமதமானால், ராஜினாமா ஏற்பு மெயில் போதுமா என்று இதிலேயே கேளுங்கள். சான்றிதழ்களில் எதற்கு அசல், எதற்கு நகல் கொண்டுவர வேண்டும் என்பதையும்.