சம்பள பாக்கி: தூதரகத்துக்கு எழுதும் மனுவில் நேரும் தவறுகள்

"ஐந்து மாதமாகச் சம்பளம் வரவில்லை, குடும்பம் கஷ்டப்படுகிறது, தயவுசெய்து உதவுங்கள்." வெளிநாட்டில் வேலை பார்த்துச் சம்பளம் கிடைக்காத பலரும் அங்குள்ள நம் தூதரகத்தின் தொழிலாளர் பிரிவுக்கு இப்படித்தான் எழுதுகிறார்கள். பொய் ஒன்றும் இல்லை. ஆனால் இதை வைத்து நிறுவனத்தோடு பேசும் அதிகாரியிடம் "எவ்வளவு பாக்கி?" என்று அங்கே திருப்பிக் கேட்டால், அவரிடம் பதில் இருக்காது.

கணக்கை மாதவாரியாக எழுத வேண்டும். ஒப்பந்தப்படி அடிப்படைச் சம்பளம் 1,200, உணவுப் படி 200, ஆக மாதம் 1,400 என்று வைத்துக்கொள்வோம். மார்ச் முதல் ஜூலை வரை ஐந்து மாதத்துக்கு 7,000. ஏப்ரலில் சூப்பர்வைசர் 500 ரொக்கமாகக் கொடுத்தார். அப்படியென்றால் பாக்கி 6,500. இந்த 500-ஐத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். "ஒரு பைசா தரவில்லை" என்று எழுதிய பிறகு, உங்கள் கையெழுத்துள்ள வவுச்சரை நிறுவனம் நீட்டினால் மீதி 6,500 மீதும் சந்தேகம் வந்துவிடும். வந்ததை நீங்களே சொல்லிவிடுங்கள். ஓவர்டைம் பாக்கி இருந்தால் தனியாக எழுதுங்கள். எத்தனை மணி நேரம் என்பதில் தகராறு வந்தாலும் மாதச் சம்பளக் கணக்கு அதில் சிக்காது. ஆதாரமாக ஒப்பந்தத்தின் நகலோடு பேங்க் ஸ்டேட்மென்டையும் வையுங்கள். சம்பளம் வழக்கமாக பேங்கில் வந்திருந்தால், அது நின்றுபோன மாதம் அதிலேயே தெரியும்.

அடுத்தது நிறுவனத்தின் பெயர். வேலை பார்க்கும் இடம் ஒன்று, விசா எடுத்த நிறுவனம் வேறு என்பது சப் கான்ட்ராக்ட் வேலைகளில் சாதாரணம். சைட்டில் கூப்பிடும் பெயரை மட்டும் எழுதினால், "இவர் எங்கள் ஆளே இல்லை" என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். ஒப்பந்தத்திலும் விசாவிலும் உள்ள பெயரை அப்படியே எழுதி, வேலை பார்க்கும் இடத்தைத் தனியாகக் குறிப்பிடுங்கள். பத்துப் பேர் சேர்ந்து ஒரே மனு கொடுத்தாலும் ஒவ்வொருவருக்கும் பாஸ்போர்ட் எண், பாக்கித் தொகை, கையெழுத்து தனித்தனியாக வேண்டும்.

அப்புறம், என்ன வேண்டும் என்றே சொல்லாத மனுக்கள். தூதரகம் நிறுவனத்துக்கு எழுதலாம், பேசிப் பார்க்கலாம், அந்நாட்டுத் தொழிலாளர் துறையில் புகார் கொடுக்க வழிகாட்டலாம். பணத்தைத் தரும்படி உத்தரவிட அதற்கு அதிகாரம் இல்லை. அதனால் "நிறுவனத்திடம் பேசுங்கள், குறிப்பிட்ட தேதிக்குள் தராவிட்டால் தொழிலாளர் துறையில் புகார் கொடுக்க உதவுங்கள்" என்று தெளிவாகக் கேளுங்கள்.

தூதரகத்தில் மனு கொடுத்ததும் வழக்குப் போட்டாயிற்று என்று நினைத்துக் காத்திருப்பதுதான் ரொம்ப ஆபத்தானது. பல நாடுகளில் சம்பளக் கோரிக்கைக்குக் காலக்கெடு உண்டு. தூதரகத்துக்கு எழுதிய கடிதத்தால் மட்டும் அது நிற்காது. கெடு எந்தத் தேதியில் முடிகிறது என்பதையும் அதே மனுவில் கேட்டுவிடுங்கள். இதற்கிடையில் "எல்லாம் பெற்றுக்கொண்டேன்" என்ற தாளை நிறுவனம் நீட்டினால், பணம் கைக்கு வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். புரியாத மொழியில் இருந்தால் அதைப் போட்டோ எடுத்துத் தொழிலாளர் பிரிவுக்கு அனுப்பி, என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.