ஜப்பானுக்கு இரண்டு வாரம்: யென் நோட்டு எவ்வளவு, கார்டு எவ்வளவு?

போன மாதம் அக்கா மகளும் மாப்பிள்ளையும் ஜப்பான் கிளம்பும் முன் வீட்டுக்கு வந்தார்கள். “மொத்தம் மூன்றரை லட்சம் யென் ஆகும் மாமா. பாதியைக் கேஷா எடுத்துக்கிட்டா தைரியமா இருக்கும்ல?” என்றாள். சில வருடங்களுக்கு முன்பு நானும் இதே கணக்கைத்தான் போட்டேன். கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆன் செய்யுங்கள், பின் நம்பரை மறக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லோரும் சொல்வது. அதை விட்டுவிடுகிறேன்.

மொத்தச் செலவைப் பார்த்து ரொக்கத்தை முடிவு செய்வது

இதுதான் என் காசைத் தின்ற தவறு. இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வரும்.

அந்தப் பயணத்தில் நானும் மனைவியும் நான்கு லட்சம் யென் செலவாகும் என்று கணக்குப் போட்டு, பாதியான இரண்டு லட்சத்தை நோட்டாக வாங்கினோம். நூறு யென் 65 ரூபாய்க்குக் கிடைத்தது. ஊர் திரும்பும்போது கையில் 86,000 யென் மிச்சம். அதே மணி சேஞ்சரிடம் போனால் நூறு யென்னுக்கு 60 ரூபாய் என்றார். வாங்கும் விலை வேறு, விற்கும் விலை வேறு. 4,300 ரூபாய் போனது. அது மட்டும் என்றால்கூடப் பொறுத்துக்கொள்வேன். கடைசி இரண்டு நாள் ‘யென் மீந்துவிடுமே’ என்ற பதற்றத்தில் விமான நிலையத்தில் வாங்கிக் குவித்த மாட்சா மிட்டாய் இருக்கிறதே, அதை வீட்டில் ஒருவரும் தொடவில்லை. அந்தக் காசு எந்தக் கணக்கிலும் வராது.

இதில் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. செலவாகிற ரொக்கம் அப்படியொன்றும் நஷ்டமில்லை. நம் ஊர் கிரெடிட் கார்டு பலவற்றில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் கூடுதல் கட்டணம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. ஆக நூறு ரூபாய்க்கு நான்கு ரூபாய்க்கு மேல் போகிறது. நல்ல மணி சேஞ்சரிடம் நோட்டு வாங்கினால் ஏறத்தாழ அதே அளவோ கொஞ்சம் குறைவாகவோதான் போகும். நோட்டு நம்மைக் கடிப்பது மீந்து திரும்பும்போதுதான். வாங்கும்போது ஒரு வெட்டு, விற்கும்போது இன்னொரு வெட்டு. அதனால், கார்டு எடுபடாத இடங்களில் எவ்வளவு செலவாகும் என்பதைத்தான் கணக்குப் போட வேண்டும். மொத்தச் செலவுக்கும் ரொக்கத்துக்கும் சம்பந்தமே இல்லை.

அக்கா மகளை உட்கார வைத்து ஒரு தாளில் எழுதினோம். தோக்கியோ, கியோத்தோ, ஹிரோஷிமா, ஒசாகா என்று பதினான்கு நாள். மூன்றரை லட்சத்தில் ஹோட்டல் ஒன்றரை லட்சம்; கார்டில் ஆன்லைனில் கட்டியாகிவிட்டது. இருவருக்கும் ஷின்கான்சென் என்ற புல்லட் ரயில் டிக்கெட் ஏறத்தாழ 70,000, அதுவும் கார்டு. மிச்சம் 1,30,000. அதில் பெரிய கடைகளில் வாங்குவது, இரவு உணவு, கன்வீனியன்ஸ் ஸ்டோர் எல்லாம் சேர்த்து 55,000. அங்கெல்லாம் கார்டு தாராளமாகப் போகும்.

மீதி 75,000 எதற்கு? இக்கோகா, சுயிகா மாதிரி பயண அட்டைகளில் பணம் ஏற்ற 20,000. ஸ்டேஷனில் இருக்கும் எந்திரங்களில் பெரும்பாலானவை நோட்டுதான் கேட்கும். மதிய சாப்பாட்டுக்கு ஆளுக்கு ஆயிரம் வீதம் 28,000. வாசலில் டோக்கன் எந்திரம் வைத்த சின்ன ராமென் கடைகள் பலவற்றில் இன்னும் ரொக்கம்தான். கோயில் நுழைவுக் கட்டணங்களுக்கு 12,000. கியோத்தோவின் கின்காகுஜி, கியோமிசு இரண்டிலும் ஆளுக்கு 500 யென். லாக்கர், சந்தைக் கடை, கைமறதி என்று 15,000.

1,75,000 என்று ஆரம்பித்தது 75,000-க்கு இறங்கிவிட்டது. அதையும் முழுசாக இங்கே வாங்கச் சொல்லவில்லை. 45,000 மட்டும் வாங்கிக்கொண்டு போ, பத்தாம் நாள் ராத்திரி பர்ஸை எண்ணிப் பார், எவ்வளவு குறைகிறதோ அதை மட்டும் ஏடிஎம்மில் எடு என்றேன். செவன் லெவன் கடைகளில் இருக்கும் ஏடிஎம்கள் வெளிநாட்டு அட்டையை ஏற்கும். திரையில் ஆங்கிலமும் இருக்கும். முதல் நாளே கணிப்பதைவிடப் பத்தாம் நாள் கணிப்பது சுலபம். அதற்குள் தினம் எவ்வளவு நோட்டு கரைகிறது என்று தெரிந்துவிடும்.

“அப்ப தினம் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக்கலாமே மாமா?” என்று மாப்பிள்ளை கேட்டார். கூடாது. ஏடிஎம் வைத்திருப்பவர் ஒவ்வொரு முறையும் ஒரு தொகை பிடிப்பார். கார்டு தந்த வங்கியும் தன் பங்குக்குப் பிடிக்கும். ஐயாயிரம் எடுத்தாலும் முப்பதாயிரம் எடுத்தாலும் அது பெரிதாக மாறாது. ஒரே தடவை, மிஞ்சிப் போனால் இரண்டு தடவை.

‘INR’ பொத்தானை அழுத்துவது

பெரிய கடையிலும் சில ஏடிஎம்களிலும் எந்திரம் JPY-யா, INR-ஆ என்று கேட்கும். ரூபாயில் பார்த்தால் மனசுக்குத் தெளிவாக இருக்கும், நமக்காகவே கேட்கிற மாதிரியும் இருக்கும். ஆனால் அந்த ரூபாய்க் கணக்கை நம் வங்கி போடுவதில்லை, கடைக்காரரின் பக்கம் இருப்பவர்கள் தங்கள் லாபத்தையும் சேர்த்துப் போடுகிறார்கள். ரூபாயில் கட்டினாலும் வெளிநாட்டுக் கடை என்பதற்காகத் தனிக் கட்டணம் போடும் இந்திய வங்கிகளும் உண்டு. JPY-யைத்தான் அழுத்த வேண்டும். கடைக்காரர் அவராகவே ரூபாயைத் தேர்ந்தெடுத்துவிட்டால், கையெழுத்துப் போடும் முன் ரசீதைப் பாருங்கள். INR என்று இருந்தால் ரத்து செய்து மறுபடி போடச் சொல்லலாம். தயங்க வேண்டாம்.

டாலர் வாங்கிக்கொண்டு போவது

ரூபாய் டாலராகும்போது ஒரு வெட்டு, டாலர் யென்னாகும்போது இன்னொரு வெட்டு. ஃபாரெக்ஸ் கார்டிலும் இதே கதைதான்: டாலர் மட்டும் ஏற்றிய கார்டை ஜப்பானில் தேய்த்தால் நாணயம் மாற்றும் கட்டணம் தனியாக விழும். யென் ஏற்றக்கூடிய கார்டா என்று கேட்டு வாங்குங்கள். அதிலும் அளவாக ஏற்றுங்கள். மீந்ததை ரூபாயாக்கும்போது அங்கேயும் விலை வித்தியாசம் உண்டு.

கிரெடிட் கார்டை ஏடிஎம்மில் செருகுவது

அன்றிலிருந்தே வட்டி. செய்யாதீர்கள்.

எல்லாம் பத்தாயிரம் நோட்டாக வாங்குவது

கியோத்தோ டவுன் பஸ்ஸில் சில்லறை மாற்றும் எந்திரம் ஆயிரம் யென் நோட்டைத்தான் விழுங்கும். பழைய டோக்கன் எந்திரங்களும் அப்படியே. மணி சேஞ்சரிடம் ஆயிரம் நோட்டுகளாகக் கொஞ்சம் கேளுங்கள். இல்லை என்றால், விமான நிலையத்தில் இறங்கியதும் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கிப் பத்தாயிரத்தை உடைத்துவிடுங்கள்.

ஒரே கார்டு

இரண்டு வங்கியின் கார்டு, இரண்டு வேறு பையில்.

நாணயத்தைச் சேர்த்துவைப்பது

ஜப்பானில் 500 யென்னும் நாணயம்தான். சாதாரண சில்லறை என்று பையில் போட்டுக்கொண்டே போனால் பத்து நாளில் இரண்டாயிரம், மூவாயிரம் யென் அசால்ட்டாகச் சேர்ந்துவிடும். நம் ஊரில் மணி சேஞ்சர் நாணயத்தைத் தொடமாட்டார். பத்திலிருந்து ஐந்நூறு வரை பானம் விற்கும் எந்திரத்தில் போட்டுத் தீர்க்கலாம். ஒரு யென்னும் ஐந்து யென்னும் அதில் நுழையாது. ஐந்து யென்னைக் கோயில் உண்டியலில் போடுங்கள். அங்கே அதுதான் வழக்கம். ‘கோ-என்’ என்ற உச்சரிப்புக்கு நல்ல உறவு, பந்தம் என்றும் பொருள் உண்டு. அக்கா மகள் திரும்பி வரும்போது நோட்டில் ஆயிரத்து முந்நூறு யென் பாக்கி என்றாள். “ஆயிரத்து முந்நூறு எப்படிம்மா நோட்டா இருக்கும்?” என்றேன். ஆயிரம் நோட்டு, முந்நூறு நாணயம். அந்த மூன்று நாணயமும் இப்போது என் மேஜை டிராயரில் கிடக்கின்றன.