"ஒரு மணி நேரம்" என்று வந்த தகவலை எப்படி அறிவிப்பாக எழுதுவது?

பாளையங்கோட்டையில் உள்ளூர் இணையச் சேவை நிறுவனம் ஒன்றில் வாடிக்கையாளர் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். இணைப்பு நின்றால், களத்திலிருந்து பொறியாளர் அவசரமாகத் தட்டி அனுப்பும் வரிகளை அறிவிப்பாக்குவது என் வேலை. ஒரு மாலை 6 மணிக்கு வந்தது இது:

> ஓஎல்டி 2 அப்லிங்க் டவுன். வண்ணார்பேட்டை பக்கம் ஃபைபர் கட், சந்தேகம். ஸ்பிளைசிங் டீம் புறப்பட்டது. ஒரு மணி நேரம்.

ஓஎல்டி என்பது பல தெருக்களுக்கு இணைப்பைப் பிரித்துத் தரும் எங்கள் பெட்டி; அதற்கு வரும் முதன்மை இணைப்புதான் அப்லிங்க். முதலில் "ஓஎல்டி 2" என்பதை ஊர்ப்பெயராக மாற்றுங்கள். எந்தப் பெட்டியின் கீழ் எந்தத் தெருக்கள் என்ற பட்டியல் மேசையிலேயே இருக்கவேண்டும். இங்கே அது பெருமாள்புரமும் மகாராஜநகரும். "சில பகுதிகளில்" என்று எழுதினால் மேலப்பாளையத்திலிருந்தும் அழைப்பு வரும்.

அடுத்து, சந்தேகத்தைச் சந்தேகமாகவே எழுதுங்கள். ஓடிடிஆர் கருவி கேபிளுக்குள் ஒளியைச் செலுத்தி, அது திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு அறுந்த தூரத்தைக் காட்டும். அந்த அளவு வரும்வரை "அறுந்திருக்கலாம்" என்பதே உண்மை.

நான் தவறியது நேரத்தில். "ஒரு மணி நேரத்தில் சரியாகும்" என்று எழுதிவிட்டேன். பொறியாளர் சொன்னதோ, ஆட்கள் போய்ச் சேரும் நேரம். அதன்பிறகுதான் இடம் தேடி, தோண்டி, கேபிளை உரித்து, முடியளவு இழைகளை ஒவ்வொன்றாக இணைக்கவேண்டும். இரவு 10 மணிக்கும் இணைப்பு வரவில்லை. மகளுக்கு இணையவழித் தேர்வு இருந்த ஓர் அம்மா அழைத்து, "தெரியாது என்று சொல்லியிருந்தால் அக்கா வீட்டுக்காவது போயிருப்போமே, சார்" என்றார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

இப்போது எழுதும்முன் பொறியாளரிடம் ஒன்றைக் கேட்டுவிடுகிறேன்: "அண்ணே, ஒரு மணி நேரம் போய்ச் சேரவா, வேலை முடியவா?" முடியும் நேரம் தெரியாவிட்டால் அடுத்த தகவலின் நேரத்தை மட்டும் தருகிறேன்:

> பெருமாள்புரம், மகாராஜநகரில் மாலை 5.50 முதல் இணையம் இல்லை. வண்ணார்பேட்டை அருகே கேபிள் அறுந்திருக்கலாம். ஆட்கள் 7 மணிக்குள் அங்கே சேர்வார்கள். எப்போது சரியாகும் என்று இப்போது சொல்ல இயலாது. 7.30க்கு அடுத்த தகவல் தருகிறோம்.

7.30க்குப் புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும், இல்லை என்றே அனுப்புங்கள். வாட்ஸ்அப்பைவிடக் குறுஞ்செய்தியே எனக்கு நம்பிக்கை. வீட்டு வைஃபையை மட்டும் நம்பியிருக்கும் போனுக்கும் அது போய்ச் சேரும்.

பின்சேர்க்கை: சரியானபின்பும் சில வீடுகளில் இணையம் வரவில்லையே என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். எங்களுக்கும் நடந்தது. காத்திருந்தவர்கள் வீட்டு இணையப் பெட்டியின் ரீசெட் துளையில் ஊசியால் அழுத்தியிருந்தார்கள், அமைப்புகள் அழிந்துவிட்டன. ஆகவே முதல் அறிவிப்பிலேயே "ரீசெட் செய்யவேண்டாம்" என்று சேர்க்கிறேன். முடிந்ததும் அனுப்பும் தகவலில், "இன்னும் வராவிட்டால் பெட்டியை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்; LOS விளக்கு சிவப்பாக எரிந்தால் உங்கள் வீட்டுக்கு வரும் கம்பியில் கோளாறு, அழையுங்கள்" என்று எழுதுகிறேன்.