துபாய் ஓனரும் வேளச்சேரி வீடும்

வேளச்சேரியில் இரண்டு படுக்கையறை வீடு, வாடகை 14,000 ரூபாய். அதே தெருவில் எல்லோரும் 22,000 கேட்கிறார்கள். என் சித்தி மகன் அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஓனர் துபாயில் இருக்கிறாராம், வாட்ஸ்அப்பில் அவ்வளவு மரியாதையாகப் பேசினார். "வீட்டைப் பார்க்க கேட் பாஸ் போடணும் தம்பி, 5,000 டோக்கன் அட்வான்ஸ் அனுப்புங்க. பிடிக்கலைன்னா அப்படியே திருப்பிடுவேன்."

அவன் செய்த முதல் தவறு, அனுப்பிய ஆவணங்களைப் பார்த்து நம்பியது. ஆதார் படம், கிரயப் பத்திரத்தின் முதல் பக்கம் இரண்டும் வந்தன. இவை வேறு யாரிடமிருந்தோ வாங்கியவையாக இருக்கலாம். முன்பு ஏமாந்தவர் அனுப்பிய ஆதாரே அடுத்தவருக்குப் போகும். ஆனால் பத்திரம் கையில் வந்தால் ஒரு வேலை செய்யலாம். அதில் ஆவண எண், ஆண்டு, சார்பதிவாளர் அலுவலகம் இருக்கும். tnreginet.gov.in தளத்தில் அவற்றைக் கொடுத்து வில்லங்கத்தைப் பார்த்தால், வாங்கியவர் பெயரும் சொத்தின் விவரமும் தெரியும். அதுவும் விளம்பரத்தில் சொன்ன வீடும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தினாலும், பேசுகிறவர்தான் அந்த ஆள் என்பதற்கு அது சாட்சி ஆகாது.

இரண்டாவது, பணம் போகும் பெயரைக் கவனிக்காதது. யுபிஐயில் அனுப்பும் முன்பே கணக்கின் பெயர் திரையில் வரும். பத்திரத்தில் ஒரு பெயர், திரையில் சம்பந்தமே இல்லாத இன்னொரு பெயர். கேட்டதற்கு "என் அக்கவுண்டன்ட்" என்றாராம். வெளிநாட்டில் வாழும் நிஜ ஓனர்கள் பெரும்பாலும் வாடகையைத் இந்திய வருமானத்துக்காகத் தங்கள் பெயரில் வைத்திருக்கும் என்ஆர்ஓ வங்கிக் கணக்கில்தான் வாங்குவார்கள். வேறொருவர் கணக்கு என்றால், அவரிடம் பதிவு செய்த அதிகாரப் பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

மூன்றாவதுதான் பணத்தை நிஜமாகத் தின்றது. 5,000 போனதும், "சிஸ்டத்தில் ஏறலை, இன்னொரு 5,000 அனுப்பினால் சேர்த்து ரீஃபண்ட் ஆகும்" என்றார். அனுப்பினான். அப்புறம் மூன்றாவது முறையும். மொத்தம் 15,000. திருப்பித் தர யாரும் நம்மிடம் கூடுதலாகப் பணம் கேட்க மாட்டார்கள், பின் நம்பரும் கேட்க மாட்டார்கள். நம் கணக்குக்குப் பணம் வர யுபிஐ பின் போட வேண்டியதே இல்லை.

சரி, பணம் அனுப்பிவிட்டால்? வெட்கப்பட்டு இரண்டு நாள் யோசிக்காதீர்கள். உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள், இல்லையென்றால் cybercrime.gov.in தளத்தில் புகார் கொடுங்கள். வங்கிக்கும் பரிவர்த்தனை எண்ணுடன் சொல்லுங்கள். பணம் அந்தக் கணக்கில் இன்னும் இருந்தால்தான் முடக்க முடியும்.

இதையெல்லாம் விடச் சுலபமான சோதனையை அவன் பணம் போன பிறகுதான் செய்தான். அந்த அபார்ட்மெண்டுக்கே போய் வாசலில் வாட்ச்மேனிடம் கேட்டான். "காலி வீடா? இங்க எதுவும் இல்லையே. இந்த வாரம் நீங்க மூணாவது ஆள்" என்றார் அவர்.